‘ஆகவே’ வரை யார் படிக்கிறார்கள்?

சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில், வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களைப் பார்த்து அனுப்புவது என் வேலை. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளிவந்த கையோடு ஆர்டர்கள் வரத் தொடங்கும். அன்றிலிருந்து டிசம்பர் கடைசி வரை மின்னஞ்சல் போவதும் வருவதுமாகவே பொழுது கழியும். நாங்கள் அனுப்புவதில் பெரும்பாலானவை எதையாவது கேட்பவை. லோகோவின் மூலக் கோப்பு வேண்டும், கடை முகவரியைச் சரிபார்த்துத் தர வேண்டும், முன்பணம் வேண்டும், ப்ரூஃபுக்கு ஒப்புதல் வேண்டும்.

இதில் ஒப்புதல்தான் உயிர்நாடி. அட்டையின் ப்ரூஃபை வாடிக்கையாளர் பார்த்து, சரி என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் பிளேட் போடுவோம். நான்கு வண்ண அட்டை என்றால் நான்கு பிளேட். போட்ட பிறகு ஒரு தொலைபேசி எண் தப்பு என்று தெரிந்தால் பிளேட்டும் போச்சு, மெஷினில் ஒதுக்கிய நேரமும் போச்சு. அதனால் ஒப்புதல் வராத வேலை அப்படியே நிற்கும். அதன் இடத்தில் வேறு யாருடைய அட்டையாவது ஏறிவிடும்.

போன சீசனில் மதுரை ஜவுளிக்கடை ஒன்றின் வேலை அப்படித்தான் நின்றது. கடையின் மேலாளர் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் போடுபவர். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த தம்பி, ப்ரூஃபை இணைத்துத் திங்கட்கிழமை அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அது இது:

பொருள்: காலண்டர் சம்பந்தமாக

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். தங்கள் நிறுவனத்தோடு எங்களுக்கு எட்டு ஆண்டுகளாக நல்லுறவு இருந்துவருவது தாங்கள் அறிந்ததே. கடந்த மாதம் தொலைபேசியில் பேசியபடி, இந்த ஆண்டும் 5,000 தினசரி காலண்டர்களுக்கான ஆர்டரை எங்களுக்கே அளித்தமைக்கு மனமார்ந்த நன்றி. அதன்படி எங்கள் வடிவமைப்பாளர் வேலையைத் தொடங்கினார். நடுவில் தாங்கள் அனுப்பிய புதிய லோகோ தெளிவாக இல்லாததால் மறுபடியும் கேட்டுப் பெற்று, அதன்பின் அட்டையின் நிறத்தை மெரூனிலிருந்து நீலத்துக்கு மாற்றச் சொன்னதால் அதையும் மாற்றி, தற்போது ப்ரூஃப் தயாராகியுள்ளது. இந்த சீசனில் எங்களுக்கு வேலை நெருக்கடி அதிகம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வெள்ளிக்கிழமை தங்கள் அட்டையை மெஷினில் ஏற்ற உள்ளோம். ஆகவே, இத்துடன் இணைத்துள்ள ப்ரூஃபைத் தாங்கள் பார்த்து, திருத்தம் ஏதும் இருந்தால் தெரிவித்து, விரைவில் ஒப்புதல் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: “மிக்க நன்றி. தங்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் வாழ்த்துகள்.” பார்த்துவிட்டார், ஒப்புதல் பின்னாலேயே வரும் என்று இருந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை மெஷின்காரர் பிளேட் எங்கே என்று கேட்டபோதுதான் மதுரைக்குப் போன் போட்டோம். “ப்ரூஃப் வந்திருக்கா? நீங்க ஆர்டருக்கு நன்றி சொல்லித்தானே அனுப்பியிருந்தீங்க, நானும் நன்றி சொன்னேனே” என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எந்த வாக்கியம் வரை படித்தாரோ அந்த வாக்கியத்துக்குச் சரியாகப் பதில் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கேட்டதற்குப் பொருந்தாத பதில் வந்தால், அந்தப் பதில் நம் கடிதத்தின் எந்த வரிக்கு உரியது என்று தேடிப் பார்ப்பேன். “நன்றி” என்று மட்டும் வந்தால் அவர் முதல் மூன்று வரியைத் தாண்டவில்லை. “சரி, பேசுவோம்” என்று வந்தால் நாம் சொன்ன கதையைப் படித்திருக்கிறார், ஆனால் தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர் எங்கே நின்றார் என்பதை அவருடைய பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி எழுதுவது அந்தத் தம்பியின் தனிப்பட்ட பழக்கம் என்று சொல்ல மனம் வரவில்லை. நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கடிதத்தின் வடிவமே இதுதான். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம். அதன்பின் எனக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல், மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார், ஆகையால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணம் முன்னால் போகும், கேட்பது பின்னால் வரும்.

காகிதத்தில் இந்த வடிவம் நன்றாகவே வேலை செய்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பெரியம்மாவின் பட்டா மாறுதல் மனுவோடு ஒருமுறை ஆட்சியர் அலுவலகம் போயிருந்தேன். மனுவை வாங்கிய அதிகாரியின் கண் ‘பொருள்’ என்ற வரியில் ஒரு நொடி நின்றது. பிறகு நடுவில் இருந்த முக்கால் பக்கத்தை அப்படியே தாண்டி, அடியில் ‘எனவே’ என்று தொடங்கும் பத்தியில் போய் உட்கார்ந்தது. அதில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று எழுதினார். ஒரே தாளில் தலையும் காலும் ஒருசேரத் தெரிவதால்தான் அவரால் அப்படித் தாவ முடிந்தது. கோரிக்கை அடியில் இருக்கும் என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

கைபேசித் திரையில் அந்தக் கால் பகுதி கண்ணில் படாது. மின்னஞ்சல் பட்டியலில் தெரிவது அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதற்குக் கீழே கடிதத்தின் தொடக்கத்திலிருந்து ஒரு துண்டு. தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளமானவை. என் கைபேசியில் அந்தத் துண்டில் ஆறேழு சொற்களுக்கு மேல் நிற்பதில்லை. மதுரைக்காரருக்கு அன்று தெரிந்திருக்கக்கூடியது “காலண்டர் சம்பந்தமாக”, அதன் கீழே “மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள்” என்பது மட்டும். கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரத்தில் அதைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி ‘ஆகவே’ வரை அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்தது நியாயமே இல்லை.

அன்று சாயங்காலம் தம்பியை உட்கார வைத்து அதே கடிதத்தைத் திருத்தினோம். நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: ‘வணக்கம்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், முதல் இரண்டு வாக்கியத்துக்குள் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட வேண்டும்.

முதல் வேலை கோரிக்கையைக் கண்டுபிடிப்பது. தமிழில் இது சுலபம், ஏனென்றால் நாமே அதற்கு முன்னால் ஒரு கொடி நட்டு வைத்திருப்போம். ஆகவே, எனவே, ஆகையால், ஆதலால். பேச்சுவாக்கில் எழுதுபவர்களாக இருந்தால் ‘அதனால’. பத்துக்கு ஒன்பது கடிதங்களில் அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் இருப்பதுதான் கோரிக்கை. அந்த வாக்கியத்தை வெட்டி எடுத்து, வணக்கத்துக்கு அடுத்து ஒட்டினோம். மேலே வந்ததும் ‘ஆகவே’ தானாகவே உதிர்ந்துவிட்டது.

ஆனால் வேலை முடியவில்லை. ஒட்டிய வாக்கியத்தைப் பாருங்கள்: “இத்துடன் இணைத்துள்ள ப்ரூஃபைத் தாங்கள் பார்த்து, திருத்தம் ஏதும் இருந்தால் தெரிவித்து, விரைவில் ஒப்புதல் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” முதல் வாக்கியம்தான், ஆனாலும் ‘ஒப்புதல்’ என்ற சொல் வர பத்துச் சொற்கள் தாண்ட வேண்டியிருக்கிறது. நம் மொழியின் இயல்பு அது. வினைமுற்று கடைசியில் நிற்கும், அதற்கு முன்னால் பார்த்து, தெரிவித்து, தந்து என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். கடிதத்தின் கடைசியில் இருந்த கோரிக்கையை முதல் வாக்கியத்துக்குக் கொண்டுவந்தால், அது அந்த வாக்கியத்தின் கடைசியில் போய் ஒளிந்துகொள்கிறது. தமிழில் எழுதுபவர்கள் இந்த இரண்டாவது ஒளிவிடத்தையும் பார்த்தாக வேண்டும். கோரிக்கையை மேலே ஏற்றிவிட்டோம் என்று முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, கேட்கும் பொருளைப் பெயர்ச்சொல்லாக்கி வாக்கியத்தின் முன்பகுதியில் வைப்பது. “காலண்டர் அட்டைக்கு உங்கள் ஒப்புதல்” என்று ஆரம்பித்துவிட்டால் நான்காவது சொல்லில் விஷயம் வந்துவிடுகிறது. வினை கடைசியில் வந்தாலும் பாதகமில்லை, அதற்குள் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணினோம். பார்க்க வேண்டும், திருத்தம் சொல்ல வேண்டும், ஒப்புதல் தர வேண்டும். உண்மையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். பார்க்காமல் யாரும் ஒப்புதல் தரப்போவதில்லை, திருத்தம் இருந்தால் சொல்லாமலும் இருக்கப்போவதில்லை. அதனால் ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

‘விரைவில்’ என்ற சொல்லில்தான் தம்பி கொஞ்சம் தயங்கினார். தேதி போட்டால் அதிகாரம் செய்வது மாதிரி இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. விரைவில் என்றால் அவரவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். நமக்கு அது வியாழன், அவருக்கு அடுத்த வாரம். வெள்ளிக்கிழமை காலை மெஷினில் ஏற்ற வேண்டும், பிளேட் போட ஓர் இரவு வேண்டும், அப்படியானால் வியாழன் மாலை 4 மணி. இந்தக் கணக்கு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்துக்கு, அந்த நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை வைத்தோம். ‘வேலை நெருக்கடி அதிகம்’ என்பது நம் கஷ்டம், அதைக் கேட்டு அவர் அனுதாபப்படலாம், அவ்வளவுதான். ‘இந்த இடம் தவறினால் அடுத்த இடம் 29ஆம் தேதிதான்’ என்பது அவருடைய கஷ்டம். அவருடைய காலண்டர் பத்து நாள் தள்ளிப்போகும், தீபாவளிக் கூட்டத்துக்குக் கைக்கு வராது. எதை அறிந்தால் அவர் இன்றைக்கே ப்ரூஃபைத் திறப்பாரோ அதுதான் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கத் தகுதி உடையது.

மீதி இருந்த வரிகளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேட்டோம்: ஒப்புதல் தருவதற்கு அவருக்கு இது உதவுமா? லோகோ மாறியது, நிறம் மாறியது, இரண்டும் உதவும். ஏனென்றால் ப்ரூஃபில் அவர் கண் போக வேண்டிய இடங்கள் அவை. முன்பு அந்த வரிகள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும் வரிகளாக மாறிக் கீழே போயின. வடிவமைப்பாளர் வேலை தொடங்கியது, தொலைபேசியில் பேசியது, நெருக்கடி, மூன்றும் போய்விட்டன. எட்டு ஆண்டு உறவுக்கான நன்றி கடைசி வரிக்குப் போனது. குடும்ப நலம் விசாரிப்பு போய்விட்டது, அதைப் போனில் பேசும்போது விசாரிப்பதுதான் எங்கள் வழக்கம்.

கடைசியில் நின்ற கடிதம் இது:

பொருள்: தினசரி காலண்டர் அட்டை: வியாழன் மாலை 4 மணிக்குள் ஒப்புதல் வேண்டும்

ஐயா, வணக்கம். காலண்டர் அட்டைக்கு உங்கள் ஒப்புதலை வியாழன் (செப்டம்பர் 18) மாலை 4 மணிக்குள் தந்துதவ வேண்டுகிறோம். வெள்ளி காலை அட்டை மெஷினில் ஏறுகிறது, அந்த இடம் தவறினால் அடுத்த இடம் 29ஆம் தேதிதான்.

ப்ரூஃப் இத்துடன் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி நிறத்தை நீலமாக மாற்றி, புதிய லோகோவைப் பொருத்தியிருக்கிறோம். இந்த இரண்டோடு கடை முகவரியையும் தொலைபேசி எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் ‘சரி’ என்று பதில் போட்டாலே போதும்.

இந்த ஆண்டும் 5,000 பிரதிகளுக்கான ஆர்டரை எங்களுக்கே தந்ததற்கு நன்றி.

தம்பி படித்துவிட்டு, “அக்கா, எடுத்த எடுப்புல இதக் குடுங்கன்னு கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?” என்றார். நியாயமான கேள்வி. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பையிலிருந்து எடுப்போம். ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் நமக்காக நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறார். மின்னஞ்சலில் அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தமிழில் மரியாதை வினையின் விகுதியிலும் விளியிலும் இருக்கிறது. ‘ஐயா’ என்ற விளியும், ‘தந்துதவ வேண்டுகிறோம்’ என்ற முடிவும் இருந்தால் வாக்கியம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மரியாதை குறையாது. அதே வாக்கியத்தை ‘ஒப்புதல் தரவும்’ என்று முடித்துப் பாருங்கள், உடனே அலுவலகச் சுற்றறிக்கை ஆகிவிடும். உறுத்துவது அந்த ‘வும்’தான், கோரிக்கை முதலில் வந்ததற்கும் அந்த உறுத்தலுக்கும் சம்பந்தம் இல்லை. மூத்தவர்களுக்கு எழுதும்போது ‘தர இயலுமா?’ என்று கேள்வியாக முடிப்பேன். அதுவும் இதமாகவே இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு எடுத்த எடுப்பில் கேட்பது இயல்பு, நமக்குத்தான் கூச்சம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களும் இதைக் கட்டளை போட்டுத்தான் பழக வேண்டியிருந்தது. 1940 ஆகஸ்ட் 9ஆம் தேதி, போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ‘சுருக்கம்’ என்று தலைப்பிட்டுத் தன் அமைச்சரவைக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். மேசைக்கு வரும் அறிக்கைகள் எல்லாம் நீளமாக இருக்கின்றன, அவற்றுக்குள் முக்கியமான விஷயத்தைத் தேடுவதிலேயே நேரம் போகிறது என்பது அவர் குறை. முக்கியமானவற்றைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான ஆராய்ச்சியும் புள்ளிவிவரமும் இருந்தால் பின்னிணைப்பில் வையுங்கள் என்றார். விவரத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை, பின்னால் வைக்கச் சொன்னார். எங்கள் கடிதத்தில் லோகோவும் நீல நிறமும் இரண்டாம் பத்திக்குப் போனது அதே கணக்கில்தான். அமெரிக்க ராணுவத்தில் கடிதம் எழுதுவதற்கென்றே விதிமுறை இருக்கிறது. அதுவும் முக்கியமான விஷயத்தைத் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்கிறது.

வெட்டத் தொடங்கினால் கை நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்துக்குப் பிறகு ஒரு வாரம் நான் எல்லாவற்றையும் வெட்டினேன். வேறொரு வாடிக்கையாளருக்கு “வணக்கம். ஒப்புதல் இன்றைக்குள் வேண்டும்” என்று அனுப்பினேன். அவர் எங்களிடம் தினசரி, மாதக் காலண்டர் இரண்டுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். எதற்கு ஒப்புதல் என்று புரியாமல், மாதக் காலண்டருக்கு ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டார். நாங்கள் கேட்டது தினசரிக்கு. நல்ல வேளை, பிளேட் போடும் முன் கவனித்தோம். எந்தப் பொருள், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சுருக்கம் குழப்பமாகிவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் எந்தப் பொருள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேலாளர் நம் கடிதத்தைத் தன் முதலாளிக்குத் திருப்பி அனுப்பி, ‘கீழே பார்க்கவும்’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். போனில் பேசியது முதலாளிக்குத் தெரியாது. ‘நேற்றுப் பேசியபடி அந்த வேலைக்கு’ என்று தொடங்கினால் அவருக்கு ஒன்றுமே விளங்காது. முதல் இரண்டு வாக்கியம், நம்மோடு பேசியே இராத ஒருவர் படித்தாலும் நிற்க வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டு மூன்று கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஒப்புதலும் வேண்டும், முன்பணத்தின் மீதியும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனிக் கடிதமாக அனுப்புவதுதான் என் வழக்கம். ஒப்புதல் தருபவர் மேலாளர், பணம் அனுப்புபவர் கணக்குப்பிள்ளை. இரண்டையும் ஒரே தொடக்கத்தில் அடைத்தால், எது சுலபமோ அதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

எல்லாக் கடிதத்துக்கும் இதே அச்சு பொருந்தாது. நம்மை அறியாதவருக்கு எழுதும்போது முதல் வாக்கியத்தில் நாம் யார் என்று சொல்லியாக வேண்டும். என் தங்கை மகள் மேல்படிப்புக்காகத் தன் பழைய பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, “அம்மா, நான் மூன்று ஆண்டு உங்களிடம் இயற்பியல் படித்து, கடைசி ஆண்டு புராஜெக்டையும் உங்கள் மேற்பார்வையில் செய்த மாணவி” என்று தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் கேட்டுவிட்டாள். ஒரு வாக்கியம் என்று கறாராக வைக்காமல் இரண்டு என்று நான் வைத்துக்கொண்டதே இதற்காகத்தான், ஒன்று ஆளைக் காட்ட, ஒன்று கேட்க. ஆனால் அவள் முதலில் எழுதியிருந்த வரைவில், பேராசிரியரின் பாடம் தன் வாழ்க்கையையே மாற்றியது என்று ஐந்து வரி இருந்தது. அது உண்மைதான், ஆனால் அதை முதலில் படிக்கும்போது எதற்கோ அடிபோடுவது மாதிரி இருந்தது. அதே வரிகள் கோரிக்கைக்குப் பின்னால் போனதும் மனதிலிருந்து வந்தவையாகத் தெரிந்தன.

அப்பா இறந்த பிறகு அவருடைய கணக்கை முடிக்க வங்கிக்கு எழுதுபவர், ‘என் தந்தை இன்ன தேதியில் காலமானார்’ என்று தொடங்கினால் அது சுற்றி வளைப்பது ஆகாது. அந்தத் தகவல் இல்லாமல் அடுத்த வாக்கியத்தில் இருக்கும் கோரிக்கைக்குப் பொருளே இல்லை. துக்கம் கேட்டு எழுதும் கடிதத்திலோ கோரிக்கையே இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்லிவிட்டு மூன்றாம் பத்தியில் பாக்கிப் பணத்தைக் கேட்கும் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன், படிக்கவே வலிக்கும்.

இவ்வளவு யோசித்தும் சந்தேகம் தீராவிட்டால் நான் செய்வது ஒன்று உண்டு. அனுப்ப வேண்டிய கடிதத்தை முதலில் எனக்கே அனுப்பிக்கொள்வேன். கைபேசியை எடுத்து, கடிதத்தைத் திறக்காமல், பட்டியலில் தெரிவதை மட்டும் பார்ப்பேன். பொருள் வரியிலும் அந்த ஆறேழு சொல்லிலும் நான் கேட்பது தெரிகிறதா? தெரியாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி ‘சம்பந்தமாக’ அல்லது ‘தொடர்பாக’ என்று முடியும் பொருள் வரியாக இருக்கும். அந்தச் சொல் இருந்த இடத்தில் கேட்பதை வைத்தால் பாதி வேலை முடிந்தது. முன்பு ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று எழுதிய இடத்தில் இப்போது நான் ‘ஐயா’ என்று மட்டும் போடுவதும் அந்த ஆறேழு சொல்லை வீணாக்க மனமில்லாமல்தான்.

மதுரைக் கடையின் அட்டை 29ஆம் தேதிதான் மெஷினில் ஏறியது. அதன் பிறகு அவர்களுடைய மாதக் காலண்டருக்கு ப்ரூஃப் போனது. தம்பியே எழுதினார், நான் ஒரு சொல்லும் தொடவில்லை. காலை பத்தரை மணிக்கு அனுப்பினார். பதினொன்று இருபதுக்குப் பதில் வந்தது: “படம், நிறம் எல்லாம் சரி. இரண்டாவது போன் நம்பர் கடைசி எண் 6 இல்லை, 8. மாற்றிவிட்டு அச்சடிக்கலாம்.”